கைப்பற்றிய டாங்கிகள் சொன்ன கணக்கு

இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மனி மாதத்துக்கு எத்தனை டாங்கிகள் செய்கிறது என்பது நேச நாடுகளுக்கு விடை தெரியாத கேள்வியாக இருந்தது. உளவாளிகள் மாதம் ஆயிரத்துக்கு மேல் என்றார்கள். 1943 தொடக்கத்தில் லண்டனில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் பொருளாதாரப் போர்ப் பிரிவு வேறு வழியில் இறங்கியது. அதில் இருந்தவர்கள் போரில் பிடிபட்ட, உடைந்துகிடந்த டாங்கிகளின் பாகங்களில் பொறித்திருந்த வரிசை எண்களைச் சேகரித்தார்கள். ஜெர்மன் தொழிற்சாலைகள் ஒழுங்கு தவறாதவை. கியர்பாக்ஸ், சேஸிஸ், எஞ்சின் என ஒவ்வொன்றுக்கும் எண் இட்டிருந்தன. அந்த ஒழுங்கே அவற்றைக் காட்டிக்கொடுத்தது.

கையில் சில எண்கள் இருக்கின்றன. மொத்தம் எவ்வளவு என்று தெரியாது. இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சிறிய உதாரணத்தில் பார்த்துவிடலாம். 1 முதல் இடைவெளி இல்லாமல் எண் இட்ட டாங்கிகளில் நான்கு நம்மிடம் சிக்கியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எண்கள் 19, 40, 42, 60.

பலருக்கும் முதலில் தோன்றுவது சராசரி. நான்கின் சராசரி நாற்பதுக்குச் சற்று மேல். மொத்தம் அதைப்போல் இரு மடங்கு, அதாவது ஏறக்குறைய 80 என்று சொல்லலாம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் சிக்கிய எண்கள் 2, 5, 6, 60 என்று இருந்திருந்தால்? சராசரி 18 சொச்சம். இரு மடங்காக்கினால் 36 வருகிறது. அறுபதாவது டாங்கி நம் கண்முன் நிற்கும்போது மொத்தமே 36தான் என்று சொல்ல முடியாது. சராசரி அந்தப் பெரிய எண்ணை மற்ற எண்களோடு சேர்த்துக் கரைத்துவிடுகிறது. மொத்தத்தைப் பற்றி அதிகம் சொல்லும் எண்ணோ அதுதான்.

ஆகவே எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, முதலாவது, இரண்டாவது, கடைசி என்று அந்தந்த இடத்தில் நிற்கும் எண் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். இப்படி அடுக்கிய எண்களைப் புள்ளியியலில் வரிசைப் புள்ளியளவைகள் என்பார்கள். நமக்கு வேண்டியது கடைசியில் நிற்கும் பெரிய எண்.

அது எங்கே நிற்கும்? 100 சீட்டுகளில் 1 முதல் 100 வரை எழுதி, டப்பாவில் போட்டுக் குலுக்கி, நான்கை எடுங்கள். பெரிய எண் 50க்குள் அடங்க வேண்டுமானால், நான்கு சீட்டுமே 50க்குள் விழ வேண்டும். ஒன்று தப்பினாலும் போயிற்று. ஒவ்வொரு சீட்டுக்கும் வாய்ப்பு பாதி. நான்கும் அப்படி அமைய பாதியை நான்கு முறை பெருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்குதான் வருகிறது. 80க்குள் அடங்கவும் இதே கணக்குதான்: 0.8ஐ நான்கு முறை பெருக்கினால் ஏறக்குறைய 0.41. அப்படியானால் பத்துக்கு ஆறு முறை பெரிய எண் 80ஐத் தாண்டி நிற்கும். (எடுத்த சீட்டைத் திரும்பப் போடாததால் சிறு வித்தியாசம் வரும்; இங்கே அது பொருட்டல்ல.) சீட்டுகள் கூடக் கூட, பெரிய எண் மேல் எல்லையை நோக்கி நெருங்கும்.

இனி எவ்வளவு நெருங்கும் என்பதுதான் பாக்கி. எல்லா டாங்கிகளையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், நமக்குச் சிக்கிய நான்கும் அந்த வரிசையை ஐந்து இடைவெளிகளாகப் பிரிக்கும். எந்த டாங்கி வேண்டுமானாலும் சமமாகச் சிக்கலாம் என்பதால், ஓர் இடைவெளி மற்றொன்றைவிடப் பெரிதாக இருக்கக் காரணம் எதுவும் இல்லை. சராசரியில் ஐந்தும் சமம். முதல் நான்கு இடைவெளிகள் நமக்குத் தெரியும்: 60 வரை உள்ள எண்களில் நம்மிடம் இருக்கும் நான்கைக் கழித்தால் 56, நான்கு இடைவெளிக்குப் பங்கிட்டால் தலைக்கு 14. தெரியாத ஐந்தாவது இடைவெளி 60க்கு அப்பால் இருக்கிறது. அதற்கும் 14 கொடுத்தால் மொத்தம் 74. பெரிய எண்ணை m என்றும், சிக்கியவற்றின் எண்ணிக்கையை n என்றும் எழுதினால் சூத்திரம் இதுதான்:

m + m/n − 1

இது மதிப்பீடுதான், நான்கே எண்களை வைத்து 74 என்று அடித்துச் சொல்ல முடியாது. எவ்வளவு தூரம் தவறலாம் என்பதையும் முன்பு பார்த்த பெருக்கலே சொல்லிவிடும். 0.473ஐ நான்கு முறை பெருக்கினால் 0.05 வருகிறது. அதாவது பெரிய எண் மொத்தத்தில் 47 சதவீதத்தைக்கூட எட்டாமல் நிற்பது நூற்றுக்கு ஐந்து முறைதான் நடக்கும். 60ஐ 0.473ஆல் வகுத்தால் ஏறக்குறைய 127. ஆகவே மொத்தம் 60க்கும் 127க்கும் இடையில் இருக்கும் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். பத்து டாங்கிகள் சிக்கி, அவற்றிலும் 60தான் பெரியது என்றால், மேல் எல்லை 81ஆகச் சுருங்கிவிடும்.

இந்த முறை பொய்த்துப்போகும் இடங்களும் உண்டு. எண்கள் 1ல் தொடங்காமல் 501ல் தொடங்கினாலும், நடுவில் நூறு நூறாகத் தாவினாலும் கணக்கு வீங்கும். எண்களை ஒரு கோட்டில் புள்ளிகளாக வைத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்: கீழே பெரிய வெற்றிடம், அல்லது புள்ளிகள் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். போரில் கியர்பாக்ஸ் எண்களையே பெரிதும் நம்பியதற்குக் காரணம், அவை இடையில் அறாத இரண்டு தொடர்களாக அமைந்திருந்ததுதான். சேஸிஸ், எஞ்சின் எண்களைப் பயன்படுத்துவது அவ்வளவு எளிதாக இல்லை.

மேல் எல்லையே இல்லாதவற்றுக்கும் இந்தச் சூத்திரம் உதவாது. பழசானாலும் புதிசானாலும் எந்த நேரத்திலும் ஒரே வாய்ப்பில் பழுதாகும் பாகங்கள் பத்து இருக்கின்றன. ஒன்றின் சராசரி ஆயுள் 1000 மணி நேரம். இது அடுக்குக்குறிப் பரவல். பத்தில் கடைசியாக நிற்பது சராசரியில் 2929 மணி நேரம் தாங்கும். இருபது இருந்தால் 3598 மணி நேரம். எண்ணிக்கை கூடும்போதெல்லாம் கடைசி ஆள் இன்னும் தள்ளிப்போவானே தவிர, அவன் நெருங்கிச் சேர ஓர் எல்லை கிடையாது. டாங்கிக் கணக்கு பலித்ததற்குக் காரணம், ஒவ்வொரு மாதத்தின் உற்பத்திக்கும் ஒரு கடைசி எண் இருந்ததுதான்.

போர் முடிந்தபின் ஜெர்மன் அமைச்சகத்தின் ஆவணங்கள் கைக்கு வந்தன. ரிச்சர்ட் ரகிள்ஸ், ஹென்றி பிராடி ஆகிய இருவரும் 1947ல் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். 1940 ஜூன் மாத உற்பத்தி பற்றி உளவுத் தகவல் சொன்னது 1000, வரிசை எண்கள் சொன்னது 169, ஆவணத்தில் இருந்தது 122. 1942 ஆகஸ்டில் உளவு 1550, வரிசை எண்கள் 327, ஆவணம் 342.

உங்கள் பட்டறையிலிருந்து வெளியே போகும் பொருள்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு அனுப்புகிறவரா நீங்கள்? நாலு கடைகளில் நாலு பொருளை வாங்கும் யாரும் உங்கள் உற்பத்தியை ஏறக்குறையக் கணக்கிட்டுவிட முடியும். அது வெளியே தெரியக்கூடாது என்றால், எண்களைக் கலைத்துப் போடுங்கள்.