டிரிப் அட்வான்ஸ்: மிச்சம் எவ்வளவு?

நாமக்கல்லிலிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் லாரி டிரைவருக்கு முதலாளி 15,000 ரூபாய் அட்வான்ஸ் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது சம்பளமல்ல, வழிச்செலவுக்கான பணம். திரும்பியதும் கணக்கு முடிக்க வேண்டும்.

டீசல் பில் 11,500, பேட்டா 1,500, பார்க்கிங்கும் ஏற்றுகூலியும் 600. ஆக, மிச்சம் 1,400 ரூபாய் ஆபீஸுக்குத் திரும்பும்.

2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பின், டோல் பெரும்பாலும் உரிமையாளர் கணக்கிலேயே கழிகிறது. அதை டிரைவர் மறுபடி செலவில் எழுதினால் இரட்டைக் கணக்கு.

தகராறு பெரும்பாலும் டீசலில்தான். போய்வர 500 கிலோமீட்டர், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 125 லிட்டர் போதும். பில்லில் 150 லிட்டர் இருந்தால் கேள்வி எழும். ஆனால் அதிக பாரமும் மலைப்பாதையும் மைலேஜைக் குறைக்கும். உடனே திருட்டு என்பது அநியாயம். டேங்கில் மீந்த டீசலையும் பார்க்க வேண்டும்.