பதினைந்தாயிரம் ஈட்டினால் நாலாயிரம் மிச்சம்

1939 ஜூலை 7. சுவிட்சர்லாந்தில் பிரவுன் பொவேரி நிறுவனம் கட்டிய ஓர் இயந்திரத்தைச் சோதித்துச் சான்றளிக்க ஆரெல் ஸ்டோடோலா வந்திருந்தார். நீராவி டர்பைன் பற்றி அவர் எழுதிய நூல்தான் அன்றைய பொறியாளர்களுக்குப் பாடநூல். அப்போது அவருக்கு வயது 80. நியூஷாட்டல் நகரின் மின்தேவைக்கு அவசரகாலத் துணையாக நிற்கவேண்டிய அந்த இயந்திரம், நகராட்சி ஒன்றுக்கு மின்சாரம் தருவதற்காகக் கட்டப்பட்ட உலகின் முதல் எரிவாயு டர்பைன்.

சோதனையில் டர்பைன் சுமார் 15,400 கிலோவாட் ஆற்றலை உற்பத்தி செய்தது. அதே தண்டில் இணைந்திருந்த கம்ப்ரசர் அதில் 11,400 கிலோவாட்டைத் தனக்கே எடுத்துக்கொண்டது. மீந்த 4,000 கிலோவாட்தான் நகரத்துக்கு. பதினைந்தாயிரம் சம்பளம் வாங்குகிறவர் பதினோராயிரத்துக்கு மேல் வாடகையே கட்டுவது போன்ற நிலை. எரித்த எண்ணெயின் வெப்பத்தில் மின்சாரமாக மாறியது 17.4 சதவீதம். இன்றைய அளவுகோலில் இது சொற்பம். ஆனால் 1906இல் பிரான்சில் ஆர்மெங்கோவும் லெமாலும் ஓட்டிய டர்பைன் 3 சதவீதத்தையே ஒட்டி நின்றது. அதற்கு முன் பலருடைய இயந்திரங்கள் தம் கம்ப்ரசரைக்கூடச் சுழற்ற முடியாமல் நின்றுபோயின.

டர்பைனுக்குள் நடப்பது நான்கே நான்கு வேலைகள். கம்ப்ரசர் வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்துகிறது. அழுத்தும்போதே காற்று சூடாகிறது. எரிகலனில் எரிபொருள் எரிந்து, அழுத்தம் ஏறக்குறைய மாறாமல் வெப்பநிலை மட்டும் உயர்கிறது. அந்தச் சூடான வாயு டர்பைன் இறகுகளைத் தள்ளிக்கொண்டு விரிந்து, அழுத்தமும் வெப்பமும் குறைகிறது. கடைசியில் மிச்ச வெப்பத்தோடு புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. பாஸ்டன் நகரப் பொறியாளர் ஜார்ஜ் பிரேட்டன் 1872இல் காப்புரிமை பெற்றது பிஸ்டன் வைத்த எந்திரத்துக்குத்தான். ஆனாலும் மாறா அழுத்தத்தில் எரிக்கும் முறை அவருடையதாக இருந்ததால் இது பிரேட்டன் சுழற்சி ஆயிற்று.

கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் காற்றின் அழுத்தம், உள்ளே வந்த அழுத்தத்தைப்போல் எத்தனை மடங்கு? அதுதான் அழுத்த விகிதம். உராய்வோ இழப்போ இல்லாத இலட்சியச் சுழற்சியில் செயல்திறனைத் தீர்மானிப்பது இந்த ஒரே எண்தான்:

η = 1 − 1 / r^0.286

இதில் r அழுத்த விகிதம். 0.286 என்பது காற்றின் இயல்பிலிருந்து வரும் எண். நியூஷாட்டலின் அழுத்த விகிதம் ஏறத்தாழ 4.4. அதை 0.286 படிக்கு உயர்த்தினால் 1.527. ஆகவே இலட்சியச் செயல்திறன் 34.5 சதவீதம். அளந்து கண்டதோ அதில் பாதி. மற்றப் பாதி எங்கே போயிற்று என்று தேடுவதுதான் பொறியியல் கல்லூரித் தேர்வுத்தாள்களில் மீண்டும் மீண்டும் வரும் கணக்கின் சாரம். நியூஷாட்டலின் எண்களை வைத்தே அதைப் போட்டுப் பார்க்கலாம்.

உள்ளே வரும் காற்று 20 டிகிரி செல்சியஸ், டர்பைன் வாசலில் வாயு 550 டிகிரி. முதல் வேலை இரண்டையும் கெல்வினுக்கு மாற்றுவது: 293, 823. மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். செல்சியஸிலேயே 20ஐ 1.527ஆல் பெருக்கினால் 30.5 டிகிரி வரும். நான்கு மடங்குக்கு மேல் அழுத்திய காற்று பத்து டிகிரிதான் சூடாகிறது என்று விடை சொன்னால், தவறு அங்கேயே தெரிந்துவிடும். கெல்வினில் பெருக்கினால் 447. அதாவது 154 டிகிரி ஏற்றம்.

இது இலட்சியக் கம்ப்ரசருக்கு. உண்மையான கம்ப்ரசர் இதே அழுத்தத்தை எட்ட இன்னும் கூடுதலாக உழைக்கவேண்டும். அதன் திறன் 87 சதவீதம் என்று கொண்டால், 154.4ஐ 0.87ஆல் வகுக்கவேண்டும், 177.5 டிகிரி. காற்று 470.5 கெல்வினில் எரிகலனுக்குள் நுழைகிறது. டர்பைனுக்கு நேர்மாறு. 823 கெல்வின் வாயு இலட்சிய நிலையில் 539க்கு இறங்கும். வீழ்ச்சி 284 டிகிரி. உண்மை டர்பைன் அதில் 88 சதவீதத்தைத்தான் வேலையாக்கும், பெருக்கினால் 250. கம்ப்ரசருக்கு வகுத்தல், டர்பைனுக்குப் பெருக்கல். இதை மாற்றிப் போட்டால் உண்மை இயந்திரம் இலட்சிய இயந்திரத்தையே மிஞ்சிவிட்டதாக விடை வரும்.

ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி ஏற்றவோ இறக்கவோ ஏறத்தாழ 1.005 கிலோஜூல். விநாடிக்கு ஏறக்குறைய 62 கிலோ காற்று ஓடுகிறது. ஆகவே டர்பைன் தருவது 15,570 கிலோவாட், கம்ப்ரசர் எடுப்பது 11,060 கிலோவாட். ஸ்டோடோலா அளந்த எண்களுக்கு இந்தத் தாள் கணக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டது! மிச்சம் 72.5 டிகிரிக்கு ஈடான வேலை. எரிபொருள் ஏற்றவேண்டியது 470.5இலிருந்து 823 வரை, அதாவது 352.5 டிகிரி. வகுத்தால் 20.5 சதவீதம். 17.4க்கும் இதற்கும் உள்ள இடைவெளியில் எரிகலனிலும் குழாய்களிலும் குறையும் அழுத்தம், ஜெனரேட்டர் இழப்பு, தாங்கிகளின் உராய்வு எல்லாம் அடங்கும்.

மிச்சம் ஏன் இவ்வளவு நுட்பமானது என்பதும் இங்கே விளங்கும். அது இரண்டு பெரிய எண்களின் கழித்தல். இதே கணக்கில் இரு திறன்களையும் 70 சதவீதம் என்று வைத்தால் கம்ப்ரசர் கேட்பது 221, டர்பைன் தருவது 199. இயந்திரம் சுழலவே சுழலாது. இறகின் வளைவைச் செம்மைப்படுத்தும் கலை முதிரும்வரை எரிவாயு டர்பைன் காத்திருந்ததற்குக் காரணம் இதுதான்.

இன்றும் நடப்பது அதுவே. கம்ப்ரசர் இறகுகளில் தூசியும் எண்ணெய்ப்பிசுக்கும் படிந்து அதன் திறன் 87இலிருந்து 84க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது மூன்றே புள்ளி. ஆனால் மிச்சம் 72.5இலிருந்து 66 ஆகிறது; ஏறத்தாழ 9 சதவீத உற்பத்தி நஷ்டம். கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் காற்று அதே அழுத்தத்துக்கு முன்பைவிடச் சூடாக இருப்பதைக் கண்டால், இறகுகளைக் கழுவும் நாள் வந்துவிட்டது என்று பொருள்.

சரி, சூத்திரம் சொல்கிறபடி அழுத்த விகிதத்தை ஏற்றிக்கொண்டே போகலாமே? நியூஷாட்டலின் 550 டிகிரியை அப்படியே வைத்து, அதே 87, 88 சதவீதத் திறன்களோடு அழுத்த விகிதத்தை மட்டும் மாற்றினால் கிடைப்பது இது. மிச்ச வேலை, முன்போலவே, வெப்பநிலை டிகிரிக் கணக்கில்.

| அழுத்த விகிதம் | இலட்சியச் செயல்திறன் | நடைமுறைச் செயல்திறன் | மிச்ச வேலை |
|---|---|---|---|
| 2 | 18% | 12% | 56 |
| 4.4 | 34.5% | 20.5% | 72 |
| 6 | 40% | 21% | 65 |
| 8 | 45% | 20% | 51 |
| 12 | 51% | 11% | 20 |
| 16 | 55% | இல்லை | −11 |

இரண்டாவது வரிசை ஏறிக்கொண்டே போகிறது. மூன்றாவது 6ஐ ஒட்டி உச்சம் தொட்டு இறங்குகிறது. 16இல், 55 சதவீதம் கிடைக்கும் என்று சூத்திரம் வாக்குறுதி தரும்போது, உண்மை இயந்திரத்தில் டர்பைன் முழுவதும் கம்ப்ரசருக்கே போய், அதற்கும் போதாமல் வெளியிலிருந்து மோட்டார் வைத்துச் சுற்றவேண்டிய நிலை.

காரணம் எளிது. அழுத்தம் கூடக் கூட, கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றே மேலும் மேலும் சூடாக வருகிறது. டர்பைன் தாங்கும் உச்ச வெப்பம் 550 டிகிரியோடு நின்றுவிட்டதால், எரிபொருள் சேர்க்க இடமே சுருங்குகிறது. அதனால் எரிபொருள் செலவு குறைவது உண்மைதான். ஆனால் கம்ப்ரசரின் இழப்பும் டர்பைனின் இழப்பும் வளர்ந்துகொண்டே போய், சுருங்கிவரும் மிச்சத்தை விழுங்கிவிடுகின்றன.

நான்காவது வரிசையின் உச்சம் இன்னும் முன்னதாகவே, 3.8ஐ ஒட்டி வந்துவிடுகிறது. ஒரு கிலோ காற்றிலிருந்து அதிக வேலை வேண்டுமானால் அங்கே நிற்கவேண்டும். எரிபொருள் மிச்சம் வேண்டுமானால் 6 வரை போகலாம். முதலாவதைத் தேர்ந்தால் இயந்திரம் சிறிதாகும், இரண்டாவதைத் தேர்ந்தால் எண்ணெய்ச் செலவு குறையும். நியூஷாட்டலின் 4.4 இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அடிக்கடி ஓடாத அவசரகால நிலையத்துக்கு அது பொருந்திய இடம். அந்த இயந்திரம் 2002 வரை பணியில் இருந்தது.

உயர்ந்த அழுத்த விகிதத்தைப் பயனுள்ளதாக்க ஒரே வழி டர்பைன் வாசலின் வெப்பநிலையை உயர்த்துவது. நிக்கல் கலப்புலோகங்களும், உள்ளே காற்று ஓடிக் குளிர்விக்கும் பொள்ளல் இறகுகளும், பீங்கான் பூச்சும் அதைச் சாத்தியமாக்கின. இன்றைய மின்நிலைய டர்பைன்களில் 1,600 டிகிரி வரை எட்டியிருக்கிறார்கள். அதே திறன்களோடு, 550க்குப் பதில் 1,600 டிகிரி வைத்துக் கணக்கிட்டால், நியூஷாட்டலில் ஒன்றுமே மிஞ்சாத அந்த 16ஆம் விகிதத்தில்தான் மிச்ச வேலை உச்சத்தை அடைகிறது: 495 டிகிரி, செயல்திறன் 42 சதவீதம்.

23க்கு ஏற்றினால் வேலை 487 ஆகிறது, செயல்திறன் 44.6. இன்றைய பெரிய டர்பைன்கள் இந்த விகிதத்தை ஒட்டியே இயங்குகின்றன. அவற்றின் உண்மைச் செயல்திறனும் 40 சதவீதத்தைத் தாண்டுகிறது; இறகுகளைக் குளிர்விக்கப் பிரித்தெடுக்கும் காற்று நம் கணக்கில் இல்லாததால் தாள் எண் சற்றுக் கூடுதலாக இருக்கிறது.

40 வரை போனால் இன்னும் இரண்டு புள்ளி கிடைக்கும். ஆனாலும் மின்நிலையங்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. விகிதம் 23 என்றால் நம் கணக்கின்படி புகை 625 டிகிரியில் வெளியேறும். 40 என்றால் 526 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்தப் புகையை வைத்துத்தான் கொதிகலனில் நீராவி உண்டாக்கி, பக்கத்தில் இன்னொரு டர்பைனைச் சுற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்த நிலையத்தின் செயல்திறன் 60 சதவீதத்தைக் கடக்கிறது. புகையில் நூறு டிகிரி குறைந்தால் நீராவி டர்பைன் இழப்பது, எரிவாயு டர்பைன் பெறும் இரண்டு புள்ளியைவிட அதிகமாகிவிடும்.