வீட்டுக் கணக்கு – 14: பூ எங்கே முடிகிறதோ, அங்கே வெட்டு

மதுரையில் ஒரு வால்பேப்பர் கடையில் நின்றபடி அக்கா மகள் இரண்டு படங்களை அனுப்பினாள். ஒன்று, வீட்டிலிருந்து அவள் கணவர் எடுத்து அனுப்பிய படுக்கையறைச் சுவர். இன்னொன்று, அவளுக்குப் பிடித்துப்போன ரோலின் மேல் ஒட்டியிருந்த லேபிள். கூடவே ஒரு வரி: “மாமா, இங்க ரெண்டு ரோல் போதும்கிறாங்க. வாங்கிடவா?”

கடையில் எப்படிக் கணக்குப் போட்டிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. சுவர் பன்னிரண்டடி அகலம், பத்தடி உயரம், ஆக 120 சதுர அடி. ஒரு ரோல் 53 செ.மீ. அகலமும் 10.05 மீட்டர் நீளமும் உள்ளது. அதாவது 57 சதுர அடி. 120-ஐ 57-ஆல் வகுத்தால் இரண்டும் கொஞ்சமும் வரும். நடுவில் ஜன்னல் வேறு இருப்பதால் அந்தக் ‘கொஞ்சம்’ கழிந்துவிடும் என்று நினைத்திருக்கலாம். பெயின்டுக்கு இந்தக் கணக்கு சரி. டைல்ஸுக்கும் பரவாயில்லை என்று போன வாரம் பார்த்தோம். வால்பேப்பரைச் சதுர அடியில் எண்ணக் கூடாது. பட்டை பட்டையாக எண்ண வேண்டும். கூரையிலிருந்து ஸ்கர்டிங் வரை ஒட்டில்லாமல் இறங்கும் ஒரே நீளம்தான் ஒரு பட்டை. ரோலின் கடைசியில் இரண்டு மீட்டர் மிஞ்சினால் அது ஒரு பட்டை ஆகாது. இரண்டு ரோலின் மிச்சங்களைச் சேர்த்தாலும் ஆகாது.

“வாங்காதே, பத்து நிமிஷம் பொறு” என்று பதில் போட்டுவிட்டுச் சுவர்ப் படத்தைக் கணினியில் திறந்தேன்.

படம் எடுக்கும்போது சுவரில் ஒரு ஏ4 தாளை நிமிர்த்தி ஒட்டச் சொல்லியிருந்தேன், ஒட்டியிருந்தார்கள். ஏ4 தாளின் உயரம் 29.7 செ.மீ. என்பது உலகம் முழுக்க மாறாதது. படம் திருத்தும் எந்த மென்பொருளிலும் சுட்டியை வைக்கும் இடத்தின் பிக்ஸல் எண் தெரியும். தாளின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 114 பிக்ஸல். ஸ்கர்டிங்கின் மேல் விளிம்பிலிருந்து கூரை வரை 1170 பிக்ஸல். 1170-ஐ 114-ஆல் வகுத்து 29.7-ஆல் பெருக்கினால் சுவரின் உயரம் 305 செ.மீ. அகலம் 1405 பிக்ஸல், ஆக 366 செ.மீ.

இந்த எண்களை நம்பும் முன் படம் நேராக எடுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அதைப் படமே சொல்லும். சுவரின் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒன்று நீண்டு மற்றது குறுகியிருந்தால் எடுத்தவர் பக்கவாட்டில் நின்றிருக்கிறார். மேல் கோடும் கீழ்க் கோடும் வேறுபட்டால் போனை அண்ணாந்தோ குனித்தோ பிடித்திருக்கிறார். இரண்டிலும் திரும்ப எடுக்கச் சொல்வதுதான் நல்லது. சுவருக்கு நேர் எதிரே, அதன் நடு உயரத்தில் போனைப் பிடித்து, அகலக் கோணத்துக்குப் போகாமல் சாதாரண லென்ஸில் எடுக்க வேண்டும். அகலக் கோணத்தில் முழுச் சுவரும் அடங்கிவிடும் என்பது உண்மை, ஆனால் ஓரங்கள் இழுபட்டுவிடும்.

இன்னொரு பெரிய பிழை, சுவரில் ஒட்டாத பொருளை அளவுகோலாக எடுத்துக்கொள்வது. அந்தப் படத்தில் பீரோ இருந்தது, அதன் உயரமும் தெரியும். ஆனால் பீரோவின் முகப்பு சுவரைவிட அரை மீட்டர் முன்னால் இருக்கிறது. மூன்றே கால் மீட்டர் தள்ளி நின்று எடுத்த படத்தில் அது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். அதை வைத்து அளந்திருந்தால் 305 செ.மீ. சுவர் 258 செ.மீ. ஆகச் சுருங்கியிருக்கும். அளவுகோல் சுவரோடு ஒட்டியே இருக்க வேண்டும்.

இனி லேபிள். ஐரோப்பிய ரோல்களில் இருக்கும் அதே குறிகளைத்தான் இங்கே விற்கும் ரோல்களிலும் பெரும்பாலும் பார்க்கிறோம். ஒரு கோட்டின் இரு பக்கமும் இரண்டு அம்புகள் நேருக்கு நேர் பார்த்தால், பக்கத்துப் பட்டைகளில் பூ ஒரே மட்டத்தில் வரும். அம்புகள் ஏறியும் இறங்கியும் நின்றால் ஒவ்வொரு பட்டையிலும் பூ மாறி மாறி இறங்கும். அம்புக்குப் பக்கத்தில் வெறும் 0 இருந்தால் பொருத்தவே வேண்டாம். அவள் அனுப்பிய லேபிளில் அம்புகள் ஏறி இறங்கியிருந்தன. பக்கத்தில் 64/32 என்று அச்சிட்டிருந்தது. பூங்கொடி 64 செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வருகிறது. பக்கத்துப் பட்டையில் 32 செ.மீ. தள்ளி வருகிறது என்று அர்த்தம்.

பட்டைகளின் எண்ணிக்கை எளிது. 366-ஐ 53-ஆல் வகுத்தால் 6.9, ஏழு பட்டை. ஜன்னலைக் கழிக்கவில்லை. ஜன்னலுக்கு மேலும் கீழும் வரும் துண்டுகளிலும் பூ பொருந்தியாக வேண்டும், அதற்கு முழுப் பட்டையை வெட்டுவதுதான் பத்திரம்.

ஒரு பட்டையை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கூரையும் தரையும் எந்த வீட்டிலும் துல்லியமாக மட்டமில்லை. அதனால் மேலே ஐந்து, கீழே ஐந்து என்று 10 செ.மீ. கூட விட்டு ஒட்டிய பிறகு சீவுவார்கள். ஆக 315 செ.மீ. வேண்டும். ஆனால் 315-ல் வெட்டிவிட்டு அங்கிருந்தே அடுத்த பட்டையைத் தொடங்க முடியாது, பூ பாதியில் நிற்கும். அடுத்த பூ தொடங்கும் இடம் வரை போக வேண்டும். 64 ஐந்து முறை சேர்ந்தால் 320. ஒவ்வொரு பட்டையும் ரோலில் 320 செ.மீ. தின்னும். 1005-ல் மூன்று பட்டை வரும், ஏழு பட்டைக்கு மூன்று ரோல். கடையில் சொன்ன இரண்டு போதாது என்பது இங்கேயே தெரிந்துவிட்டது.

எனக்கு உறுத்தியது 315-க்கும் 320-க்கும் இடையே இருந்த அந்த 5 செ.மீ. தான். சுவர் 310 செ.மீ.க்கு ஒரு செ.மீ. கூடினாலும் பட்டை 320-ஐத் தாண்டிவிடும். அப்போது ஆறாவது பூவுக்குப் போக வேண்டும், 384 செ.மீ. ஒரு ரோலில் இரண்டே பட்டைதான் கிடைக்கும், இரண்டு மீட்டருக்கு மேல் வீணாகும். ஏழு பட்டைக்கு நான்கு ரோல். சுவரில் ஒரு செ.மீ. கூடினதற்கு முழு ரோல் ஒன்று.

என் படக் கணக்கு அந்த அளவுக்கு நம்பத் தகுந்ததா? வாட்ஸ்ஆப் சுருக்கி அனுப்பிய படத்தில் தாளின் விளிம்பு கூர்மையாக இல்லை. 114 என்று எண்ணியதை இன்னொருவர் 112 என்று எண்ணலாம், இரண்டும் தப்பில்லை. 112 என்றால் சுவர் 310 ஆகிவிடுகிறது. சின்னத் தாளைக் கொண்டு பத்து மடங்கு நீளத்தை அளக்கும்போது தாளில் விடும் பிழையும் பத்து மடங்காகிறது. படத்தைச் சுருங்காமல் டாக்குமென்டாக அனுப்பச் சொன்னால் பிழை பாதிக்கும் கீழே குறையும். தாளுக்குப் பதில் சுவரில் சரியாக இரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டினால் இன்னும் நல்லது. ஆனால் அதற்கு அளக்கும் டேப் வேண்டும். டேப் இருந்தால் சுவரையே அளந்துவிடலாமே.

படத்திலிருந்து அளப்பது எப்போதும் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. இதே சுவர் 290 செ.மீ. என்று வந்திருந்தால் ஐந்தாறு செ.மீ. பிழை இருந்தாலும் விடை மாறாது, மூன்று ரோல்தான். முதலில் கணக்கைப் போட்டு, எந்த இடத்தில் விடை தாவுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நம் அளவு அந்த இடத்துக்கு அருகில் இருந்தால் அந்த ஒரு அளவை மட்டும் கையால் எடுத்தால் போதும்.

அகலத்திலும் அப்படி ஓர் இடம் உண்டு. ஏழு பட்டை மொத்தம் 371 செ.மீ. மூடும், அதற்கு மேல் போனால் எட்டாவது பட்டை. நம்முடையது 366. இங்கே தரை உதவியது. படத்தின் அடியில், சுவரை ஒட்டி இரண்டடி டைல்கள் வரிசையாகத் தெரிந்தன. ஆறு முழு டைல், ஏழாவது ஒரு மெல்லிய கீற்று. இரண்டடி டைல் என்று சொன்னாலும் அது 60 செ.மீ. தான், ஆகவே 360. மீதி அந்தக் கீற்று. டைலின் அகலத்தோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு, 6 செ.மீ. அது 11 செ.மீ. ஆக இருக்க வழியே இல்லை. அகலம் உறுதி.

உயரத்துக்கு மட்டும் மருமகனைக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டில் டேப் வாங்கி, இரண்டு ஓரத்திலும் நடுவிலும் அளந்து சொன்னார்: 307, 308, 308. பெரியதைத்தான் எடுக்க வேண்டும். 308-உம் 10-உம் சேர்ந்து 318, 320-க்குள் அடங்கிவிட்டது.

அவளை அழைத்து மூன்று ரோல் வாங்கச் சொன்னேன். “மூணும் ஒரே பேட்ச் நம்பரா பார்த்து வாங்கும்மா” என்றேன். அச்சடிக்கும் ஒவ்வொரு தடவையும் சாயம் நூலளவு மாறும். பிறகு வந்து வாங்கும் ஒரு ரோல் சுவரில் தனியாகத் தெரியும். குறைவாக வாங்குவது ஆபத்தாவது இதனால்தான்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, அந்த 32. ஒட்டுபவர் ஒரே ரோலிலிருந்து வரிசையாக வெட்டினால் என்ன ஆகும்? முதல் பட்டை 318-ல் முடியும். இரண்டாவது அரைப் பூ தள்ளித் தொடங்க வேண்டும், அதனால் 352-ல் தொடங்கி 670-ல் முடியும். மூன்றாவது மறுபடி முழுப் பூவில், 704-ல் தொடங்கி 1022-ல் முடிய வேண்டும். ரோலோ 1005-ல் தீர்ந்துவிடும். இரண்டே பட்டை. நான்காவது ரோல் வேண்டும் என்று வேலைக்கு நடுவே ஆள் நிற்பார். அதற்குப் பதிலாக இரண்டு ரோலையும் ஒன்றாகப் பிரித்து, ஒன்றிலிருந்து 1, 3, 5-ஆம் பட்டைகளையும் மற்றதிலிருந்து 2, 4, 6-ஆம் பட்டைகளையும் வெட்டினால், ஒவ்வொரு ரோலுக்குள்ளும் பட்டைகள் 320-க்கு ஒன்றாகவே வரும். மூன்று மூன்றாகக் கிடைத்துவிடும். ஏழாவது, மூன்றாவது ரோலிலிருந்து.

ரோல்கள் எல்லாம் பூவின் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை என்பதால் இரண்டாவது ரோலின் நுனியில் கொஞ்சம் வெட்டித் தள்ள நேரும். மூன்று பட்டைக்கு 958 செ.மீ. வேண்டும், 47 செ.மீ. வரை தள்ளலாம். அதற்கு மேல் போனால் அந்த ரோலில் இரண்டுதான் வரும், குறைந்த ஒன்றை மூன்றாவது ரோல் ஈடுகட்டும். இதை அவளிடம் சொல்லி, வேலைக்கு வந்தவரிடமும் போனில் சொன்னேன். “தெரியும் சார், ரெண்டையும் சேர்த்துப் பிரிச்சுப் போட்டுத்தான் வெட்டுவேன்” என்றார்.

ஏழு பட்டையும் ஏறின. மூன்றாவது ரோலில் ஆறு மீட்டருக்கு மேல் மிச்சம். அதை லேபிளோடு சுருட்டிப் பரண் மேல் வைத்திருக்கிறாள்.