‘வீட்டுக்கு ரூ.2,040, 5-ஆம் தேதிக்குள்’: வாடகைதாரர்களுக்கான பில் நோட்டீஸை எப்படித் திருத்தி எழுதுவது?

பெங்களூரில் ஆறு வீடுகள் கொண்ட ஒரு வாடகைக் கட்டடம். மே மாதத் தொடக்கத்தில் அதன் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

“அனைவரும் கவனிக்கவும். இந்த மாதம் காமன் கரண்ட், தண்ணீர் பில் மிகவும் அதிகம். வீட்டுக்கு ரூ.2,040. 5-ஆம் தேதிக்குள் தவறாமல் கட்டவும். கட்டாத வீட்டுக்குத் தண்ணீர் நிறுத்தப்படும். – நிர்வாகம்”

இதைப் படித்ததும் குரூப்பில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். “நான் ஒருத்தன்தானே இருக்கேன், எனக்கும் அதே தொகையா?” என்று ஒருவர் கேட்பார். “நான் 19-ஆம் தேதிதான் குடி வந்தேன்” என்பார் இன்னொருவர். “கர்நாடகால கரண்ட் ஃப்ரீதானே?” என்று மூன்றாமவர் ஆரம்பிப்பார். கடைசியில் வீட்டு உரிமையாளர் உங்களைப் பார்த்து, “நீங்க ஐடி-லதானே இருக்கீங்க, கொஞ்சம் கணக்குப் பார்த்து எழுதிக் கொடுங்களேன்” என்பார்.

எழுதிக் கொடுக்கலாம். ஆனால், வார்த்தைகளை மரியாதையாக மாற்றினால் மட்டும் இந்தச் சண்டை தீராது. நோட்டீஸைப் படிப்பவர் தன் தொகையைத் தானே கணக்குப் போட்டுச் சரிபார்க்க முடிய வேண்டும். அதற்கு என்னென்ன வேண்டும் என்று பார்ப்போம்.

2,040 எங்கிருந்து வந்தது?

முதல் வேலை, அந்த ஒற்றைத் தொகையைப் பிரிப்பது. நம் கட்டடத்தில் மூன்று செலவுகள் கலந்திருக்கின்றன. மோட்டார், படிக்கட்டு விளக்கு, லிஃப்ட் ஓடும் பொது மீட்டருக்கு பெஸ்காம் பில் ரூ.3,000. குடிநீர் வாரியத்தின் பில் ரூ.2,400. கோடையில் போர்வெல் வற்றியதால் வாங்கிய டேங்கர் தண்ணீர் ஆறு லோடு, லோடுக்கு ரூ.800 வீதம் ரூ.4,800. மொத்தம் ரூ.10,200.

இதை ஐந்தால் வகுத்தால் 2,040 வருகிறது. ஆனால், கட்டடத்தில் இருப்பவை ஆறு வீடுகள். 302-ஆம் வீடு காலியாக இருக்கிறது. அதன் பங்கை மற்ற ஐந்து வீடுகளின் தலையில் சத்தமில்லாமல் ஏற்றியிருக்கிறார்கள். ஐந்து தொகைகளையும் கூட்டினால் பில் தொகை சரியாக வந்துவிடும் என்பதால் இது யார் கண்ணிலும் படாது. அதனால் கூட்டுத்தொகையைச் சரிபார்த்தால் மட்டும் போதாது, பட்டியலில் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்றும் எண்ணிப் பாருங்கள். கட்டடத்தில் ஆறு வீடு இருந்தால் பட்டியலிலும் ஆறு வரி இருக்க வேண்டும்.

‘ஃப்ரீ கரண்ட்’ கேள்விக்கும் நோட்டீஸில் ஒரு வரி பதில் தேவை. 2023-இல் தொடங்கிய கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டம், வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரையிலான பயன்பாட்டுக்கானது. அது உங்கள் வீட்டு மீட்டருக்குப் பொருந்தும். மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் ஓடும் பொது மீட்டர் யாருடைய வீடும் இல்லை. அதனால் அதற்கு பில் வரும்.

எதை வீட்டுக்கு வீடு, எதை ஆளுக்கு ஆள்?

எல்லாச் செலவையும் ஒரே மாதிரி வகுப்பதுதான் அடுத்த சிக்கல். படிக்கட்டு விளக்கு ஒருவருக்காகவும் எரியும், நால்வருக்காகவும் எரியும். அதனால் பொது மின்சாரத்தை வீட்டுக்குச் சமமாகப் பிரிக்கலாம்: 3,000-ஐ ஆறால் வகுத்தால் வீட்டுக்கு ரூ.500. காலியாக இருக்கும் நாட்களின் பங்கு உரிமையாளருடையது.

தண்ணீர் அப்படியில்லை. நான்கு பேர் இருக்கும் வீட்டில் நான்கு பேர் குளிக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் தண்ணீர் மீட்டர் இருந்தால் அதன் ரீடிங்கையே எடுத்துக்கொள்ளலாம். அது இல்லாத பழைய கட்டடங்களில் ‘ஆள்-நாள்’ கணக்கு உதவும். ஒரு வீட்டில் எத்தனை பேர், எத்தனை நாள் இருந்தார்கள் என்பதைப் பெருக்கினால் வருவதுதான் ஆள்-நாள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாட்களை காலண்டர் மாதப்படி எண்ணாதீர்கள், பில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கானதோ அப்படி எண்ணுங்கள். நம் எடுத்துக்காட்டில் ரீடிங் காலம் ஏப்ரல் 4 முதல் மே 3 வரை, 30 நாட்கள். 301-இல் இரண்டு பேர் ஏப்ரல் 19-இல் குடி வந்தார்கள். ஏப்ரலில் 12 நாள், மே மாதத்தில் 3 நாள், ஆக 15 நாள். இரண்டு பேருக்கு 30 ஆள்-நாள். காலண்டர்படி எண்ணியிருந்தால் மே மாதத்தின் அந்த 3 நாட்கள் விட்டுப்போயிருக்கும்.

மற்ற வீடுகள் முழுக் காலமும் இருந்தவை. 101-இல் இரண்டு பேர், 60 ஆள்-நாள். 102-இல் நான்கு பேர், 120. 201-இல் ஒருவர், 30. 202-இல் இரண்டு பேர், 60. எல்லாம் கூட்டினால் 300. தண்ணீருக்கான மொத்தச் செலவு ரூ.7,200. அப்படியென்றால் ஓர் ஆள்-நாளுக்கு ரூ.24.

இப்போது ஒற்றை ஆளாக இருக்கும் 201-இன் தொகை 2,040-லிருந்து 1,220 ஆகிறது. நான்கு பேர் இருக்கும் 102-இன் தொகை 3,380 ஆகிறது. அவர்கள் நிச்சயம் கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அதனால் புதிய முறையை ஏற்கெனவே வந்துவிட்ட பில்லுக்கு திடீரென்று போடாமல், ரீடிங் காலம் தொடங்கும் முன்பே எல்லோரிடமும் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் வேறு முறை எழுதியிருந்தால், அதை இரு தரப்பும் சம்மதித்து மாற்றிய பிறகே இது செல்லும்.

‘5-ஆம் தேதிக்குள்’ என்றால் எப்போது?

பழைய நோட்டீஸில் ஒரே ஒரு தேதிதான் இருக்கிறது. எந்த மாதத்து 5? அன்றைக்குக் கட்டலாமா, 4-ஆம் தேதியோடு முடிந்ததா? பில்லே 5-ஆம் தேதிதான் வந்தது என்றால் எப்படிக் கட்டுவது?

தேதியைப் பின்னாலிருந்து முன்னால் எண்ணுங்கள். பில்லில் அச்சிட்ட கடைசி நாள் மே 19 என்றால், உரிமையாளர் 14-ஆம் தேதி கட்டிவிடுவது பாதுகாப்பு. அதற்கு வாடகைதாரர்களின் பணம் 12-ஆம் தேதி இரவுக்குள் வர வேண்டும். கணக்கில் தவறு இருந்தால் சொல்ல 9-ஆம் தேதி வரை அவகாசம். அப்படியென்றால் நோட்டீஸ் 6-ஆம் தேதியே போக வேண்டும். ஒவ்வொரு தேதியோடும் கிழமையையும் நேரத்தையும் எழுதிவிட்டால், “நான் வேற நாள்னு நினைச்சேன்” என்ற பேச்சுக்கு இடமில்லை.

தண்ணீரை நிறுத்தலாமா?

பழைய நோட்டீஸின் கடைசி வரியை முழுதாக நீக்கிவிடுங்கள். மத்திய அரசின் மாதிரி வாடகைச் சட்டம் 2021, பிரிவு 20-இல், தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியச் சேவைகளை உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்கிறது. இது மாதிரிச் சட்டம்தான், ஒரு மாநிலம் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் அங்கே நேரடியாகக் கட்டுப்படுத்தும். ஆனால் மின்சாரச் சட்டம் 2003 நாடு முழுவதற்கும் பொதுவானது. அதன் பிரிவு 56-இன்படி, பில் பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்க மின் விநியோக நிறுவனமே 15 முழு நாள் முன்னறிவிப்பை எழுத்தில் தர வேண்டும். மின் நிறுவனத்துக்கே இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும்போது, வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதிவிட்டு வால்வை மூட முடியாது.

அந்த இடத்தில் நியாயமான ஒரு விளைவை எழுதுங்கள். ஒருவர் தாமதித்ததால் பில்லுக்குத் தாமதக் கட்டணம் வந்தால், அந்தத் தொகையை அவர் மட்டும் ஏற்க வேண்டும்.

திருத்திய நோட்டீஸ்

“வணக்கம். ஏப்ரல் 4 முதல் மே 3 வரையிலான (30 நாள்) பொதுச் செலவுகளின் கணக்கு இது. உங்கள் வீட்டு மீட்டரின் கரண்ட் பில் இதில் சேராது.

1. பொது மின்சாரம்: ரூ.3,000. ஆறு வீட்டுக்கும் சமம், வீட்டுக்கு ரூ.500.
2. தண்ணீர்: வாரிய பில் ரூ.2,400 + டேங்கர் 6 லோடு ரூ.4,800 = ரூ.7,200. மொத்தம் 300 ஆள்-நாள், ஓர் ஆள்-நாளுக்கு ரூ.24.

101: 500 + 1,440 = ரூ.1,940
102: 500 + 2,880 = ரூ.3,380
201: 500 + 720 = ரூ.1,220
202: 500 + 1,440 = ரூ.1,940
301 (15 நாள்): 250 + 720 = ரூ.970
302 காலி, 301 காலியாக இருந்த 15 நாள்: உரிமையாளர் பங்கு ரூ.750
மொத்தம்: ரூ.10,200

பில்களின் போட்டோவும் டேங்கர் ரசீதுகளும் கீழே உள்ளன. கணக்கில் சந்தேகம் இருந்தால் மே 9, சனிக்கிழமை இரவு 9 மணிக்குள் சொல்லுங்கள். பணம் மே 12, செவ்வாய்க்கிழமை இரவு 9 மணிக்குள் வர வேண்டும். அனுப்பும்போது வீட்டு எண்ணைக் குறிப்பிடுங்கள். பில்லை நான் மே 14 அன்று கட்டி, ரசீதை இங்கே போடுகிறேன். தாமதக் கட்டணம் வந்தால், தாமதித்த வீட்டுக்கு மட்டும் அது சேரும். இந்தத் தேதிக்குள் கட்டச் சிரமம் இருந்தால் முன்கூட்டியே எனக்குத் தனியாக மெசேஜ் செய்யுங்கள்.
– வீட்டு உரிமையாளர்”

‘நிர்வாகம்’ என்ற கையெழுத்து போய்விட்டதைக் கவனித்தீர்களா? சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று இப்போது தெரிகிறது. கட்டாதவர் பெயரைக் குரூப்பில் போட வேண்டிய தேவையும் இல்லை.

இந்த முறை எங்கே தடுமாறும்?

ஆள்-நாள் கணக்கு ஒரு மதிப்பீடுதான். தினமும் வாஷிங் மெஷின் போடுபவரையும், வாரம் முழுக்க ஆபீஸ் டூரில் இருப்பவரையும் அது ஒன்றாகவே பார்க்கும். விருந்தினர் எத்தனை நாள் தங்கினால் கணக்கில் வருவார்கள் என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். இரண்டு மூன்று நாள் ஊருக்குப் போவதையெல்லாம் கழிக்க ஆரம்பித்தால் கணக்கு முடியவே முடியாது.

பொது மீட்டருக்கும் தண்ணீருக்கும் ரீடிங் காலம் வேறு வேறாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் அதன் நாட்களைத் தனித்தனியாக எண்ணுங்கள். காலி செய்து போகிறவரின் கடைசி பில், அவர் போன பிறகுதான் வரும். அவர் சாவியைக் கொடுக்கும் நாளில் பொது மீட்டரை போட்டோ எடுத்து, அன்று வரை எத்தனை நாள் என்று இருவரும் எழுதிக்கொண்டால், அட்வான்ஸில் எவ்வளவு கழிப்பது என்ற தகராறு அங்கேயே முடியும்.