தொட்டி நிரம்பியதா? பதிலைக் காப்பாற்றும் ஒரு மின்தடை

மாடித் தொட்டியில் தொங்கும் ஃபுளோட் சுவிட்சுக்குத் தெரிந்தது ஒரே வேலை. இரண்டு கம்பிகளைச் சேர்க்கும், இல்லாவிட்டால் பிரிக்கும். ஒரு கம்பி கிரவுண்டுக்கும் இன்னொன்று கீழே மோட்டாரைக் கட்டுப்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ போர்டின் ஒரு பின்னுக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பிகள் சேர்ந்தால் பின்னில் 0 வோல்ட். பிரிந்தால்? தானாகவே 5 வோல்ட் வந்துவிடும் என்று புதிதாகச் செய்பவர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் வருவதற்குத்தான் வழியே இல்லையே. அந்தப் பின் எதனோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது.

இந்தப் போர்டின் சிப் தன் உள்ளீட்டுப் பின் வழியாக 1 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் மின்னோட்டத்தை எடுப்பதில்லை. அவ்வளவு மெல்லிய பின்னை ஆட்டிவைக்க, பக்கத்தில் ஓடும் வீட்டு மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் அலையே போதும். கையைக் கம்பியருகே கொண்டுபோனாலே அது ‘ஆம்’, ‘இல்லை’ என்று மாறி மாறிச் சொல்லும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தாலும் உண்மை தெரியாது. பெரும்பாலான மீட்டர்களுக்கு உள்ளே சுமார் 10 மெகா ஓம் இருக்கும். முனை பட்டதுமே அந்த வழியாகப் பின் கிரவுண்டுக்கு இறங்கிவிடும், கோளாறு மறைந்துவிடும்.

இதற்கு மருந்து, பின்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே ஒரு மின்தடை. இதைத்தான் புல்-அப் என்கிறோம். சுருள்வில் பூட்டிய கதவைப் போல, தள்ளும் கைக்கு அது வழிவிட வேண்டும், காற்றுக்கு அசையக் கூடாது. அதாவது சுவிட்சிடம் தோற்க வேண்டும், மற்ற எல்லாவற்றையும் வெல்ல வேண்டும். எத்தனை ஓம் என்ற கேள்விக்கு விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

நம் தொட்டியையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். தண்ணீர் குறைவாக இருக்கும்போது சுவிட்ச் சேர்ந்திருக்கட்டும், நிரம்பியதும் பிரியட்டும். இப்படி வைப்பதே நல்லது. கம்பி எங்காவது அறுந்துபோனாலும் புல்-அப் பின்னை 5 வோல்ட்டுக்கு ஏற்றி, ‘நிரம்பிவிட்டது’ என்று மோட்டாரை நிறுத்திவிடும்.

இந்தச் சிப்புக்கு உள்ளேயே ஒரு புல்-அப் உண்டு. ஒரே வரியில் அதை இயக்கலாம்:

```
pinMode(2, INPUT_PULLUP);
```

அதன் மதிப்பு 20 முதல் 50 கிலோ ஓம் வரை எதுவாகவும் இருக்கலாம். மேசைமேல் ஒரு பட்டனுக்கு இது தாராளம். மாடித் தொட்டிக்குப் போதாது. மழைக்காலத்தில் இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் இறங்கி, இரு கம்பிகளுக்கும் நடுவே 50 கிலோ ஓம் அளவுக்கு ஒரு கசிவு வழி உண்டாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள் புல்-அப் 35 கிலோ ஓம் என்றால், தொட்டி நிரம்பிச் சுவிட்ச் பிரிந்த பிறகும் பின்னில் நிற்பது 5 × 50 ÷ 85, ஏறக்குறைய 2.9 வோல்ட். 3 வோல்ட்டும் அதற்கு மேலும் இருந்தால்தான் ‘ஒன்று’, 1.5 வோல்ட்டுக்குள் இருந்தால்தான் ‘சுழியம்’ என்பதே சிப் தரும் உறுதி. நடுவில் எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். ‘சுழியம்’ என்று படித்துவிட்டால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், மாடியிலிருந்து தண்ணீர் வழியும். ஈரம் காய்ந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்பதால் இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

அங்கே 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வெளியே போட்டுப் பாருங்கள். அதே ஈரத்தில் பின்னில் 4.57 வோல்ட் நிற்கும். மோட்டார் கம்பியோடு சேர்ந்து ஓடும் நீண்ட கம்பி பிடிக்கும் இரைச்சலும் அந்த அளவுக்கு அடங்கும். சுவிட்ச் சேர்ந்திருக்கும்போது ஓடுவது ஏறக்குறைய 1 மில்லி ஆம்பியர். மின் இணைப்பில் ஓடும் போர்டுக்கு அது ஒரு செலவே இல்லை.

அப்படியானால் இன்னும் குறைத்துக்கொண்டே போகலாமா? கூடாது. 4.7 கிலோ ஓமின் வண்ணப் பட்டைகள் மஞ்சள், ஊதா, சிவப்பு. மூன்றாவது பட்டை கறுப்பாக இருந்தால் அது வெறும் 47 ஓம். அதை மாட்டினால் சுவிட்ச் சேரும்போது 100 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடும். மின்தடையில் அரை வாட் வெப்பம் எழும், சாதாரணக் கால் வாட் மின்தடை கருகும்.

பேட்டரியில் ஓடும் கருவியில் கணக்கே வேறு. சுவிட்ச் எப்போதும் சேர்ந்தே இருந்தால் அந்த 1 மில்லி ஆம்பியர், 2,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடும். அங்கே கம்பியைக் குட்டையாக வைத்து, ஈரம் புகாமல் மூடி, 100 கிலோ ஓம் போடுவார்கள். மின்னோட்டம் 50 மைக்ரோ ஆம்பியருக்கு இறங்கிவிடும்.