விழ வேண்டிய பம்பரம் ஏன் வட்டமிடுகிறது?

சுற்றாத பம்பரத்தை ஆணியின் மேல் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தால் கணநேரத்தில் சாய்ந்து விழுகிறது. அதே பம்பரம் வேகமாகச் சுற்றும்போது, நன்றாகச் சாய்ந்திருந்தாலும் விழுவதில்லை. தலை மெல்ல வட்டமிடுகிறது. புவியீர்ப்பு இரண்டு வேளையிலும் ஒரே அளவுதான். அப்படியானால் அது இழுத்த இழுப்பு எங்கே போயிற்று?

சுழலும் பொருளுக்குக் கோண உந்தம் என்று ஒன்று உண்டு. சுழற்சி எவ்வளவு வலுவானது, எந்த அச்சைச் சுற்றியது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லும் அளவு அது. வலக்கை விரல்களைச் சுழலும் திசையில் மடக்குங்கள். நீட்டிய கட்டைவிரல் காட்டுவதே அதன் திசை. இந்தக் கோண உந்தத்தை மாற்றும் முயற்சிக்குத் திருப்புவிசை என்று பெயர். அதற்கும் ஒரு திசை உண்டு. அந்தத் திசைதான் புதிரை அவிழ்க்கிறது.

மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும் பம்பரம் ஒன்று கிழக்கே சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடை அதைக் கிழக்கே கவிழ்க்கப் பார்க்கிறது. கவிழும் திசையில் விரல்களை மடக்கினால் கட்டைவிரல் வடக்கைக் காட்டும். ஆக, புவியீர்ப்பு ஒவ்வொரு நொடியும் வடக்கு நோக்கிய ஒரு சிறு கோண உந்தத்தைப் பம்பரத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

சுற்றாத பம்பரத்திடம் ஏற்கெனவே எதுவும் இல்லை. வந்து சேரும் அந்தச் சிறு உந்தமே அதன் முழுச் சொத்து. வடக்கு நோக்கிய உந்தம் என்றால் கிழக்கே கவிழும் அசைவு, எனவே விழுகிறது. சுற்றும் பம்பரத்திடமோ தன் அச்சின் வழியே பெரிய உந்தம் இருக்கிறது. அதனோடு வடக்கு நோக்கிய சிறு துண்டு சேர்ந்தால் அளவு மாறுவதில்லை, திசை மட்டும் சற்றே வடக்கே திரும்புகிறது. அச்சும் கூடவே திரும்புகிறது. இப்போது சாய்வு வடகிழக்கில். திருப்புவிசையும் அதற்கேற்பத் திரும்பிவிடுகிறது. திருப்புவிசை எப்போதும் சாய்வுக்குச் செங்குத்தாகவே வருவதால், தலை வட்டமிட்டபடியே இருக்கிறது. இந்த வட்டமிடலுக்கு அச்சலைவு என்று பெயர்.

ஒரு முட்டை எடையுள்ள, சுமார் 50 கிராம் பம்பரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் எடை மையம் ஆணி முனையிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, உடலின் விட்டம் 5 செ.மீ. நொடிக்கு 30 முறை சுற்றினால், கணக்குப்படி அதன் தலை ஒரு வட்டம் போட ஏறக்குறைய 2 நொடி ஆகும். சுற்று பாதியாகக் குறைந்தால் வட்டத்துக்கு 1 நொடியே போதும். சோர்ந்துவரும் பம்பரம் ஏன் பரபரவென்று தலையாட்டுகிறது என்பதற்கு விடை இதுதான்: சொந்த உந்தம் குறையக் குறைய, அதே திருப்புவிசை அதன் திசையை எளிதாகத் திருப்பிவிடுகிறது. இன்னொரு வியப்பு: வேகமான பம்பரத்துக்குச் சாய்வின் அளவு பொருட்டே இல்லை. அதிகம் சாய்ந்தால் திருப்புவிசை கூடும். ஆனால் தலை சுற்ற வேண்டிய வட்டமும் அதே விகிதத்தில் பெரிதாகும். இரண்டும் ஈடாகிவிடுகின்றன.

ஆனால் பம்பரம் கொஞ்சம்கூட விழுவதில்லை என்றும் சொல்ல முடியாது. வட்டமிடவும் ஆற்றல் வேண்டும் அல்லவா? வேகமாகச் சுற்றும் ஜைரோஸ்கோப்பின் அச்சைச் சாய்த்துப் பிடித்துச் சட்டென்று விட்டால், முதலில் அது துளி கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் கிடைத்த ஆற்றல்தான் பக்கவாட்டு ஓட்டமாகிறது. ஓட்டம் சற்று மிஞ்சிப்போக, அச்சு மீண்டும் மேலேறுகிறது. பிறகு மறுபடி இறக்கம். இந்தத் தலையசைப்பு வேகமான சுழற்சியில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. உராய்வு அதைத் தணித்த பின்பு, தொடக்கத்தைவிட இம்மியளவு தாழ்ந்த நிலையில் சீரான வட்டம் மட்டும் எஞ்சுகிறது. மேலே சொன்ன பம்பரம் நிமிர்ந்து நிற்பதற்கும் ஓர் எல்லை உண்டு. நொடிக்குச் சுமார் 11 சுற்றுக்குக் கீழே போனால், நிமிர்ந்த நிலை நிலைக்காது. சிறு ஆட்டமும் வளர்ந்து சாய்வாகிவிடும்.

நாம் வாழும் பூமியும் இப்படித் தலை சுற்றுகிறது. அதன் நடுப்பகுதி புடைத்திருக்கிறது: நிலநடுக்கோட்டில் ஆரம் துருவத்தைவிட ஏறக்குறைய 21 கி.மீ. அதிகம். அந்தப் புடைப்பைச் சூரியனும் சந்திரனும் இழுத்து, 23.4 பாகை சாய்ந்த அச்சை நிமிர்த்தப் பார்க்கின்றன. பம்பரத்தில் எடை கவிழ்க்கப் பார்க்கிறது, இங்கே இழுப்பு நிமிர்த்தப் பார்க்கிறது. ஆகவே பம்பரத்தின் தலை அது சுழலும் பக்கமே வட்டமிட, பூமியின் அச்சு சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் வட்டமிடுகிறது. ஒரு வட்டத்துக்குச் சுமார் 26,000 ஆண்டுகள்.

இதன் தடம் நம் நாட்காட்டியிலேயே இருக்கிறது. சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டி வடக்கே வருவது மார்ச் 20 வாக்கில். நாம் சித்திரை முதல் நாளைக் கொண்டாடுவதோ ஏப்ரல் 14 வாக்கில். ஏனென்றால் நம் கணக்கு விண்மீன்களை வைத்துச் சூரியன் மேஷத்தில் நுழைவதைப் பார்க்கிறது. அச்சு திரும்பத் திரும்ப, விண்மீன்களும் பருவங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. ஏறக்குறைய 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் சேர்ந்து, அந்த இடைவெளி இன்று 24 நாட்களைத் தாண்டியிருக்கிறது.