ஒரு படம், ஒரு பிள்ளை

கல்முனையில் ஓர் இரண்டாந்தர வகுப்பு, 24 பிள்ளைகள், வயது ஏழு என வைத்துக்கொள்வோம். "உனக்கு மிக விருப்பமான பழம் எது?" என்பதே அன்றைய கணித பாடம். மாம்பழம், வாழைப்பழம், தோடம்பழம், கொய்யாப்பழம் என்னும் நான்கு பெயர்களை ஆசிரியை கரும்பலகையில் எழுதுகின்றார். இரு பிள்ளைகள் கொப்பியும் பென்சிலுமாக வகுப்பைச் சுற்றிவந்து ஒவ்வொருவரையும் வினவுகின்றனர்.

ஒரு விடைக்கு ஒரு நிமிர்ந்த கோடு. நான்கு கோடுகள் நின்றதும், ஐந்தாவது விடையை அந்நான்கின்மேற் சரிவாக இழுக்க வேண்டும். அப்பொழுது ஒரு கட்டு ஐந்தாகும். பிள்ளைகள் வழுவுவது இங்கேதான். ஐந்து கோடுகளை நிமிர்த்திவிட்டு, ஆறாவதைச் சரிவாகப் போட்டுவிடுவர். வாசிக்கும்போதோ அக்கட்டை ஐந்தென்றே கொள்வர். மாம்பழத்தை விரும்பிய ஒன்பது பேர் இவ்வாறு எட்டாகிவிடுவர். வினவச் சென்ற இருவரும் தம்மைச் சேர்த்தெண்ண மறப்பதும் உண்டு.

இப்பிழைகளைக் காட்டிக்கொடுப்பது கூட்டுத்தொகையே. மாம்பழம் 9, வாழைப்பழம் 6, தோடம்பழம் 5, கொய்யாப்பழம் 4, ஆக 24. கூட்டினால் 23 வருமாயின் எங்கோ ஒரு பிள்ளை தவறிவிட்டது. அப்பிள்ளையைத் தேடிப் பிடிப்பதும் பாடத்தின் ஒரு பகுதியே.

அடுத்தது படவரைபு. பழங்களைத் தம் விருப்பப்படி வரையவிட்டால், நான்கு பெரிய கொய்யாப்பழங்கள் ஐந்து சிறிய தோடம்பழங்களிலும் நீண்ட வரிசையாக நிற்கும், கண் ஏமாறும். ஆகவே ஒரே அளவான கட்டங்களைக் கீறிக்கொடுத்து, கட்டத்துக்கு ஒரு படமாக வரையச் செய்தல் வேண்டும். 1925ஆம் ஆண்டு வியன்னா நகரில் அரும்பொருட்சாலை ஒன்றை நிறுவி, பொதுமக்களுக்குப் புள்ளிவிபரங்களைப் படங்களால் விளக்கிய ஒட்டோ நொய்ராத் என்பவரும் இவ்விதியையே கைக்கொண்டார். தொகை பெருகும்போது படத்தின் பருமன் பெருகலாகாது. படங்களின் எண்ணிக்கையே பெருக வேண்டும் என்பது அவர் முறை.

இனி வினாக்கள். "அதிகம் பேர் விரும்பியது எது?" என்பதற்கு எல்லோரும் விடை கூறுவர். "கொய்யாப்பழத்திலும் மாம்பழத்தை எத்தனை பேர் கூடுதலாக விரும்பினர்?" என்றாலோ, பலர் 'ஒன்பது' என்பர். 'எத்தனை பேர்' என்பது மாத்திரமே அவர்கள் செவியில் விழுகின்றது. கழித்தலைக் கற்பிக்க முந்தாமல், இரு வரிசைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, கொய்யாப்பழத்துக்கு இணையான நான்கு மாம்பழங்களைக் கையால் மறைக்கச் சொல்லுங்கள். எஞ்சியிருப்பவை ஐந்து. வித்தியாசம் என்பது யாதென்பதைப் பிள்ளை கண்ணாலேயே கண்டுவிடும்.

இறுதியாக ஒரு வினா: "வாழைப்பழம் பிடிக்காதவர் எத்தனை பேர்?" சிலர் 24இலிருந்து 6ஐக் கழித்து 18 என்பர். அவ்விடை தவறு. அந்தப் பதினெண்மரும் வாழைப்பழத்தை வெறுத்தவரல்லர். வேறொன்றை முதலாவதாகத் தெரிந்தவர்களே. நாம் வினவாத வினாவுக்கு வரைபில் விடை இராது. "இதை இந்தப் படத்தில் காண இயலாது" என்று ஏழு வயதுப் பிள்ளையொன்று சொல்லுமாயின், அது வரைபை வாசிக்கக் கற்றுக்கொண்டது என்றே கொள்ளலாம்.